பங்கு விற்றதில் மிஞ்சியது எவ்வளவு? கேள்வி பதில்

புதுவரவு: 100 பங்கு, 400 ரூபாய்க்கு வாங்கி 405.50-க்கு விற்றேன். ஆப் 550 லாபம் என்கிறது. வங்கிக்கு வந்த பணத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

ஆப் காட்டுவது வெறும் விலை வித்தியாசம். இரண்டு நாளுக்கும் புரோக்கர் அனுப்பிய கணக்குச் சீட்டை, அதாவது கான்ட்ராக்ட் நோட்டை, திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரோக்கர் அரை சதவீதம் வாங்குகிறார் என்று வைத்துப் போடுகிறேன்.

வாங்கிய அன்று 40,000 ரூபாய்க்குத் தரகு 200, அதற்கு 18% ஜிஎஸ்டி 36, முத்திரைத் தீர்வை 0.015% என்று 6, பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.1% என்று 40. ஆக 282. விற்ற அன்று 40,550-க்குத் தரகு 202.75, ஜிஎஸ்டி 36.50, எஸ்டிடி முழு ரூபாயாக்கி 41. பங்கை மின்னணுவாக வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து அது வெளியேறியதற்கு, அந்தக் கணக்கை நடத்தும் டிபி வாங்கும் கட்டணம், ஜிஎஸ்டியோடு 17.70 என்று கொள்வோம். ஆக 297.95. எக்ஸ்சேஞ்ச், செபி கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று ரூபாய் போல வரும், விட்டுவிட்டேன்.

மொத்தச் செலவு 579.95. வந்ததோ 550. கையை விட்டுப் போனது 29.95.

இனிமேல்தான் வேடிக்கை. மூலதன ஆதாயக் கணக்கில் எஸ்டிடியைக் கழிக்க விடமாட்டார்கள். வாங்கியதில் 40, விற்றதில் 41, இரண்டையும் திரும்பச் சேர்த்தால் வரிக் கணக்கில் உங்களுக்கு 51.05 லாபம். பையில் நஷ்டம், படிவத்தில் லாபம்.

சில்லறை: எஸ்டிடியைக் கழிக்கலாம். என் நண்பர் வருஷா வருஷம் கழிக்கிறார்.

நண்பர் அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே செய்பவராக இருப்பார். அது வியாபார வருமானத்தில், ஊக வணிகமாக வருகிறது. அங்கே எஸ்டிடி ஒரு செலவு, கழிக்கலாம். டெலிவரி எடுத்து முதலீடாக வைத்து விற்றால் முடியாது. அவர் சொன்னது அவருக்குச் சரி.

கணக்கர்: டிபி கட்டணத்தையும் கழித்துவிட்டீர்கள். அது டீமேட் கணக்குப் பராமரிப்பு இல்லையா? நான் யாருக்கும் கழிப்பதில்லை.

இரண்டும் வேறு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் நீங்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் வரும், அதை நானும் தொடமாட்டேன். 17.70 விற்றதால் மட்டுமே வந்தது.

கணக்கர்: கான்ட்ராக்ட் நோட்டில் அது இல்லையே. புரோக்கரின் வரவு செலவு லெட்ஜரில்தானே இருக்கிறது? அதிகாரி கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

லெட்ஜரைத்தான். எந்தப் பங்கு, எந்தத் தேதி என்று அந்த வரியிலேயே இருக்கும். காகிதம் வேறு என்பதால் செலவு இல்லை என்று ஆகாது.

கணக்கர்: 17 ரூபாய்க்காக விளக்கம் எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஒரு தடவைக்கு 17. பல டிபிக்கள் எத்தனை பங்கு விற்றாலும், ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். ஒரே பங்கை ஐந்து ஐந்தாகப் பல நாளில் விற்பவர் லெட்ஜரைக் கூட்டிப் பார்த்தால் அதிர்ந்துபோவார். நீங்கள் உங்கள் வழியில் போங்கள், நான் கழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

மழைக்காலம்: எஸ்டிடி கழிக்கலாமா சார்?

மேலே.

இரண்டு தவணை: 50 பங்கு 300-க்கு, பிறகு 50 பங்கு 500-க்கு வாங்கினேன். 50 விற்றேன், விலை 420. சராசரி 400 என்பதால் 1,000 லாபம், சரிதானே?

இல்லை. இரண்டும் ஒரே டீமேட்டில் இருந்தால் முதலில் வந்ததுதான் முதலில் போகும். விற்றது 300 ரூபாய்ப் பங்கு. செலவுக்கு முன் 6,000 லாபம். ஆப்பின் சராசரி வரிக்கு உதவாது. முதல் தவணை வாங்கி 12 மாதம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் நீண்டகாலம்: அந்த வகை லாபம் ஆண்டுக்கு மொத்தம் 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5%. தாண்டாவிட்டால் குறுகியகாலம், 20%. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல்.

ஆர்வலர்: இப்போது எந்தப் பங்கு வாங்கலாம்?

அந்தக் கடை நான் வைக்கவில்லை.

தாமதம்: போன வருஷம் நஷ்டம். வருமானமே குறைவு என்று ரிட்டர்ன் போடவில்லை. இந்த வருஷ லாபத்தில் கழிக்கலாமா?

முடியாது. கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான் நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துப் போகலாம். நஷ்டப்பட்ட வருஷம்தான் தவறாமல் போட வேண்டிய வருஷம், கேட்பார் இல்லை.

புதுவரவு: அப்படியென்றால் நான் எந்த விலைக்கு விற்றிருந்தால் கைக்குச் சேதம் இருந்திருக்காது?

406. அதில் உங்களுக்கு 20 ரூபாய்கூட மிஞ்சாது. புரோக்கர் குறைந்தபட்சத் தரகு வைத்திருந்தால் அதுவும் தப்பு, கான்ட்ராக்ட் நோட்டில் தரகு வரியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வழிப்போக்கர்: எஸ்டிடி...

கணக்கரிடம் கேளுங்கள். அதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.