தக்காளி 110 ரூபாய்: டிபன் கடை தாங்குமா?

கேள்வி: தஞ்சாவூரில் சின்னதாக டிபன் கடை வைத்திருக்கிறேன். காலையில் இட்லி, தோசை, ராத்திரி பரோட்டா. ஒரு நாளைக்குச் சுமார் 200 பேர் சாப்பிடுகிறார்கள், பாதிப் பேர் தினமும் வருகிறவர்கள். 12 கிலோ தக்காளி செலவாகும். 25 ரூபாய்க்கு வாங்கியது பத்தே நாளில் 110 ஆகிவிட்டது. எல்லா ஐட்டத்துக்கும் 10 ரூபாய் ஏற்றட்டுமா, இல்லை சட்னியைக் குறைத்து ஊற்றட்டுமா?

பதில்: ரெண்டும் வேண்டாம். முதலில் தட்டுக் கணக்குப் போடுங்கள். கிலோவுக்கு 85 ரூபாய் கூடுதல், 12 கிலோவுக்கு 1,020. அதை 200 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 ரூபாய்தான். நீங்கள் 10 ஏற்றினால் உங்கள் நஷ்டத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கிறீர்கள். தினமும் சாப்பிடுகிறவர் வீட்டிலும் தக்காளி வாங்குகிறார், அவருக்கு இது புரிந்துவிடும்.

அந்த 5 ரூபாயையும் சமையல்கட்டிலேயே பெரும்பாலும் கரைத்துவிடலாம். 12 கிலோவில் எது எதற்கு எவ்வளவு போகிறது என்று ஒரு நாள் எழுதிப் பாருங்கள். உங்கள் மாதிரிக் கடையில் ஏறக்குறைய பாதி தக்காளிச் சட்னிக்கே போயிருக்கும். அதை நிறுத்திவிட்டு வேர்க்கடலைச் சட்னி வையுங்கள். சாம்பாரில் தக்காளியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொஞ்சம் புளி கூட்டுங்கள். தக்காளி புளிப்போடு கெட்டியும் தருவதால், வெறும் புளி மட்டும் சேர்த்தால் சாம்பார் நீர்த்துப் போகும். ஒரு துண்டு பரங்கிக்காயை வேகவைத்து மசித்துவிட்டால் சரியாகிவிடும். சால்னாவில் மட்டும் கை வைக்காதீர்கள். பரோட்டாக்காரர்கள் சால்னாவுக்காகத்தான் வருகிறார்கள்.

இப்படிச் செய்து 12 கிலோ 5 கிலோவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 550 ரூபாய். வழக்கமான 300-ஐவிட 250 கூடுதல். கடலைக்கு ஒரு 200 சேர்த்தால் 450. ஆளுக்கு 2 ரூபாய் 25 காசு. இதற்காக விலைப்பலகையைத் தொட வேண்டியதில்லை.

சட்னியைக் குறைத்து ஊற்றுவதுபோல ஆபத்தான சிக்கனம் வேறில்லை. நான் மெஸ் நடத்திய காலத்தில், 2019 கடைசியில் பெரிய வெங்காயம் 100 ரூபாயைத் தாண்டியபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஆம்லெட்டில் முட்டைக்கோஸ் கலந்தேன். மூன்றாம் நாளே ஒருவர், "என்னண்ணே, வெங்காயத்துக்கு லீவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அப்புறம் ஒரு மாதம் அவரைக் காணோம். பலகையில் "தக்காளி விலையால் இன்று கடலைச் சட்னி" என்று எழுதியிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன கரண்டியில் ஊற்றிவிட்டு, "இன்னும் வேணுமா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றுங்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். இலையில் மிஞ்சி வீணாவதுதான் இதில் குறையும். பார்சலிலும் அப்படியே: கூடுதல் சட்னிப் பொட்டலத்தைத் தானாகப் போடாமல் கேட்டால் கொடுங்கள்.

தக்காளி ஏற்றம் பெரும்பாலும் நீடிக்காது. நட்ட செடி இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்த்துவிடும். விலை பார்த்து நட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருவார்கள். 2023 ஜூலையில் 100 ரூபாயைத் தாண்டியதால் அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. ஆகஸ்ட் முடிவதற்குள் விலை சரிந்துவிட்டது. அதனால் கெட்டித்தனமாக மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். செங்காய் மூன்று நாலு நாள் தாங்கும், அதற்கு மேல் அழுகல் கணக்குத்தான்.

வெங்காயம் வேறு ஜாதி. கோடையில் எடுத்துச் சேமித்த சரக்கு தீர்ந்து, புதுச் சரக்கை மழை கெடுத்தால், ஏற்றம் சில மாதம்கூட இழுக்கும். அப்போது விலை ஏற்றுவதில் தப்பில்லை, ஆனால் வெங்காயமே பிரதானமான ஐட்டத்துக்கு மட்டும். ஒரு ஊத்தப்பத்துக்கு 60 கிராம் போட்டால், கிலோ 30 ரூபாயில் 1 ரூபாய் 80 காசு, 100 ரூபாயில் 6 ரூபாய். ஆகவே ஊத்தப்பத்துக்கு 5 ரூபாய் ஏற்றுங்கள், இட்லியைத் தொடாதீர்கள். வாங்கும்போது மலிவாகக் கிடைக்கும் ஈரமான புது வெங்காயத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீர் எடைக்குக் காசு கொடுப்பீர்கள், சாக்கிலேயே முளைவிட்டு அழுகும். தோல் சரசரவென்று காய்ந்து, கழுத்து இறுகி மூடியிருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

ஏற்றிய 5 ரூபாயைப் பலகையில் தனியாக, "வெங்காயம் இறங்கும்வரை" என்று எழுதி வையுங்கள். இறங்கிய வாரமே அழித்துவிடுங்கள்.