அம்மாவின் காதில் கோளாறு இல்லை

கேள்வி: சமுதாய வானொலியில் உடல்நல நிகழ்ச்சிக்கு எழுதுகிறேன். வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றி நான் எழுதியதை (இணைத்துள்ளேன்) அறிவிப்பாளர் தம்பி ர, ற வித்தியாசமே இல்லாமல் வாசித்துவிட்டார். அடுப்படியில் இருந்த அம்மாகூட "உப்பு ஆறு ஸ்பூனா?" என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதை விடுங்கள். தம்பிக்கு என்ன உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: பயிற்சி அப்புறம் இருக்கட்டும். பெற்ற தாய் கேட்ட கேள்வியை "காது மந்தம்" என்று ஒதுக்கிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். உங்கள் வானொலியைக் கேட்பவர்கள் அவரைப் போலத்தான், மிக்ஸி ஓட, குழாயில் தண்ணீர் விழ, பாதிக் காதோடு கேட்கிறார்கள்.

உங்கள் வரி இது: "கொதிக்க வைத்து ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு." ஆற, ஆறு, அரை மூன்றும் ஒரே மூச்சில்! தாளில் அவை வேறு வேறு எழுத்து. பேச்சிலோ பெரும்பாலோருக்கு ர, ற ஒன்றுதான், அரை என்பது "அர" ஆகிவிடும். மிஞ்சுவது முதல் எழுத்தின் நீளமும் கடைசி எழுத்தின் ஓசையும் மட்டுமே. வேகமாக வாசித்தால் அவையும் போச்சு. அரை ஆறாகக் கேட்டால் பன்னிரண்டு மடங்கு உப்பு. ஏற்கெனவே வாடிக் கிடக்கிற குழந்தைக்கு இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வரலாம்.

எழுதிய நீங்கள்தான் திருத்த வேண்டும். "ஆற வைத்த" வேண்டாம், "சூடு போன" போதும். அளவுக்கு முன்னால் பொருளின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக்குங்கள். "சர்க்கரை, ஆறு டீஸ்பூன். ஐந்துக்கு அடுத்த ஆறு. உப்பு, ஒரு டீஸ்பூனில் பாதி மட்டும்." பாதியை யாரும் ஆறாகக் கேட்க மாட்டார்கள். ஸ்பூனில் குவிக்காமல் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, "வாயில் விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்" என்று சேருங்கள். காது ஏமாந்தாலும் நாக்கு காட்டிக்கொடுக்கும்.

அடுத்த வரியில் "ஒருவேளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் கழித்துக் கொடுக்கவும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்து எழுதினால் 'அப்படி நேர்ந்தால்', பிரித்தால் 'ஒரு தடவை'. அந்த இடைவெளி வானொலியில் கேட்குமா? ஒரு தடவை வாந்தி எடுத்தால்தான் காத்திருக்க வேண்டும், மூன்று தடவை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று ஒருத்தி நினைத்தால்? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "குழந்தை எத்தனை தடவை வாந்தி எடுத்தாலும்" என்று தொடங்குங்கள்.

சரி, ஒலிபரப்புக்கு முன் ஒரு வேலை. தம்பியைப் புது வரிகளை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லி, மிக்ஸி ஓடும்போதே அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகாமல் தலையாட்டிவிடுவார். உப்பு டப்பாவையும் ஸ்பூனையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அவர் கை பாதி ஸ்பூனில் நிற்கும் வரைக்கும் அந்தத் தாள் ஸ்டுடியோவுக்குப் போகக் கூடாது.