பெட் சிடியில் ஒளிரும் நிணநீர்க் கணு

"அம்மாவுக்கு லிம்போமா சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது எடுத்த பெட் சிடியில் நெஞ்சுப் பகுதியில் நெறிக்கட்டிகள் 'ஆக்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள். நோய் திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்?"

அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. இத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் அன்றாடப் பணி என்பதால், அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்கேனுக்கு முன் ஊசி வழியாகச் செலுத்தப்படும் எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃபுளூரின்-18 சேர்க்கப்பட்ட, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருள். குளுக்கோஸ் நுழையும் வழியாகவே செல்லுக்குள் நுழையும் இதன்மீது அங்கே ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் இது குளுக்கோஸைப் போல மேற்கொண்டு சிதைவதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. ஏறத்தாழ 1 மணி நேரம் கழித்துப் படமெடுக்கும்போது, சர்க்கரையை அதிகம் இழுத்த செல்கள் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். அறிக்கையில் வரும் எஸ்யூவி இதன் அளவுதான்: மருந்து உடலெங்கும் சமமாகப் பரவியிருந்தால் எல்லா இடத்திலும் அது 1 ஆக இருக்கும்.

ஆகவே கருவி காண்பது சர்க்கரைப் பசியை மட்டுமே, புற்றுநோயை அன்று. அழற்சி உள்ள இடத்தில் திரளும் மேக்ரோஃபேஜ் போன்ற எதிர்ப்புச் செல்களுக்கும் அதே பசி உண்டு. காசநோய், காரணம் தெளிவாகத் தெரியாத அழற்சி நோயான சார்காய்டோசிஸ் போன்றவற்றில் உருவாகும் கிரானுலோமா என்னும் சிறு முடிச்சுகள் இச்செல்களாலேயே ஆனவை என்பதால், அவற்றின் எஸ்யூவி சில வேளைகளில் 10-ஐயும் தாண்டும். எண்ணைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது.

என் நினைவில் நிற்கும் ஒருவருக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா கழுத்தின் இடப்புறத்தில் இருந்தது. கீமோ முடிந்ததும் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. 5 மாதம் கழித்து, மூச்சுக்குழாய் நுழையும் இடமான இரு நுரையீரல் வாயில்களிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள், அதாவது நெறிக்கட்டிகள், எஸ்யூவி 9 என்ற அளவில் ஒளிர்ந்தன. எனக்குச் சந்தேகம் எழுந்ததற்குக் காரணம் அவற்றின் அமைப்பு: வலமும் இடமும் ஏறக்குறைய கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருந்தன, முதலில் நோய் இருந்த கழுத்தோ அமைதியாக இருந்தது. காய்ச்சலோ எடை இழப்போ இல்லை. மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் துணையுடன் ஊசியால் எடுத்த திசுவில் லிம்போமா செல்கள் இல்லை, கிரானுலோமாக்களே இருந்தன. காசநோய்க் கல்ச்சரும் எதிர்மறையாக வந்தது. புற்றுநோய்க்குப் பின் சிலரிடம் தோன்றும் சார்காய்டு போன்ற எதிர்வினை அது. மருந்தின்றியே அடுத்த படத்தில் தணிந்திருந்தது.

இதே அமைப்புடன் லிம்போமா திரும்புவதும் உண்டு என்பதால், படத்தை மட்டும் பார்த்து யாரும் உங்களுக்கு உறுதி கூற முடியாது. கணுக்கள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா, முதலில் நோய் இருந்த இடம் ஒளிர்கிறதா, அண்மையில் நெஞ்சுச் சளித் தொற்று ஏதும் வந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மீண்டும் கீமோ தொடங்குவதாக இருந்தால், அதற்கு முன் பயாப்ஸி செய்யப்படுமா என்பதையும் தவறாமல் கேளுங்கள். ஊசி நுனி சரியான இடத்தைத் தவறவிடவும் கூடும். எனவே புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தாலும், சில வாரங்களுக்குப் பின் மறுபடியும் படமெடுத்து ஒப்பிடுவது அவசியம்.