நாங்கள் போட்டால் 82, அவர்கள் போட்டால் 49

"ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் கடல்பாசியிலிருந்து பயிருக்குத் தெளிக்கும் திரவம் தயாரிக்கிறோம். முதலீட்டாளர் குழு சந்தைக்கு 25, அணிக்கு 25, விற்பனைச் சான்றுக்கு 20, வருமான வழிக்கு 20, பொருளுக்கு 10 என்று வெயிட்டேஜ் அனுப்பியது. எங்கள் ஒரு பக்கச் சுருக்கத்துக்கு நாங்களே மதிப்பெண் போட்டதில் 82 வந்தது, அவர்கள் 49 என்கிறார்கள். சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். எங்கே இடிக்கிறது?"

சுருக்கத்தைப் படித்தேன். என் கணக்கிலும் 49தான். நீங்கள் உங்களுக்குத் தெரிந்ததற்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள், அவர்கள் தாளில் இருப்பதற்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமான வரியைச் சுருக்கத்திலிருந்து அப்படியே எடுத்து எழுத வேண்டும், வரி கிடைக்கவில்லை என்றால் மதிப்பெண்ணும் கிடையாது.

நான் 0 முதல் 5 வரை போடுவேன். பேச்சே இல்லை என்றால் 0, வெறும் பெருமை 1, எண் இருக்கிறது ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை 2, கணக்கோடு காட்டிய எண் 3, வெளியாள் கொடுத்த ஆதாரம் (பில், சான்றிதழ், ஒப்பந்தம்) இருந்தால் 4, அதுவே பல தடவை திரும்ப வந்திருந்தால் 5. இதை 5-ஆல் வகுத்து வெயிட்டேஜால் பெருக்கினால் போதும்.

அணிக்கு 4, அதாவது 20. கடலுயிரியல் படித்தவர் ஒருவர், பாசி வளர்க்க மிதவை போடும் பெண்கள் குழுவை நடத்துபவர் ஒருவர், இருவருடைய அனுபவத்துக்கும் சான்று இணைத்திருக்கிறீர்கள். கணக்குப் பார்க்க ஆள் யார் என்பது மட்டும் இல்லை. பொருளுக்கும் 4, ஆய்வக அறிக்கை இருக்கிறது, 8 வந்துவிட்டது.

சந்தையில்தான் அடி. "நாட்டில் உள்ள எல்லா விவசாயிகளும் எங்கள் வாடிக்கையாளர்களே" என்ற வரிக்கு 1 தான் போட முடியும், 25-க்கு 5. பலம் என்று எழுத ஒன்று உண்டு: முண்டு மிளகாய்க்காரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இடைவெளி, அவர்களில் எத்தனை ஏக்கரை உங்களால் எட்ட முடியும் என்பது. உதாரணத்துக்கு, முதல் ஆண்டில் 2,000 ஏக்கர், ஏக்கருக்கு ஒரு தெளிப்பில் 1 லிட்டர், 3 தெளிப்பு, லிட்டர் 250 ரூபாய் என்றால் 15 லட்சம். சின்னத் தொகைதான், ஆனால் இப்படி எழுதினால் 3 கிடைக்கும், மொத்தம் 59-க்குப் போகும். அடுத்த மாவட்டம், அடுத்த பயிர் என்று இதிலிருந்து மேலே ஏறிக் காட்டலாம்.

விற்பனைச் சான்றுக்கு 2, அதாவது 8. கமுதிப் பக்கம் 300 லிட்டர் கொடுத்தோம் என்கிறீர்கள், அது இலவச மாதிரி. அதே ஆட்கள் அடுத்த தெளிப்புக்குக் காசு கொடுத்து வாங்கினார்களா என்பதுதான் கேள்வி, நாலு பில் இருந்தாலும் மதிப்பெண் ஏறும்.

வருமான வழிக்கும் 2, இன்னொரு 8. விற்கும் விலை இருக்கிறது, செலவு இல்லை. அதைவிட மோசம், 45 நாளில் ஓர் அறுவடை, அதனால் ஆண்டுக்கு 8 அறுவடை என்ற வரி. காலண்டரை வகுத்தால் 8 வரும், கடல் அப்படி வகுபடாது. ஏப்ரல், மே மாதச் சூட்டில் நீங்கள் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி வெளுத்து அழுகும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் மிதவையே தங்காது. உங்கள் திரவம் பச்சைப் பாசியைப் பிழிந்து எடுப்பது, காயவைத்து அடுக்கி வைத்துச் சமாளிக்கவும் முடியாது. பாசி வராத மாதங்களில் ஆலை என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எதை முதலில் சரி செய்வது? இழந்த மதிப்பெண்ணைப் பாருங்கள்: சந்தையில் 20, விற்பனையிலும் வருமானத்திலும் 12, 12, அணியில் 5, பொருளில் 2. ஆனால் இந்த வரிசையை அப்படியே நம்பவும் முடியாது. 2021-ல் பயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன, கடல்பாசிச் சாறும் அதில் ஒரு வகை, பதிவில்லாமல் விற்க முடியாது. உங்கள் சுருக்கத்தில் பதிவு என்ற சொல்லே இல்லை. வெயிட்டேஜ்படி அது 10 மதிப்பெண் பகுதிக்குள் ஒளிந்துகொள்கிறது, நிஜத்தில் அதுதான் கதவு. இப்படிப்பட்டதை மதிப்பெண்ணோடு கலக்காமல், மேலே தனியாக "தடை" என்று எழுதுவேன், மொத்தம் 90 வந்தாலும் அது அங்கேயே நிற்கும்.

அப்புறம் குறிப்பு எழுதும்போது "சந்தை பலவீனம்" என்று முடிக்காதீர்கள். இருக்கும் வரி, இல்லாத தகவல், எது சேர்ந்தால் ஒரு மதிப்பெண் ஏறும், மூன்றும் வேண்டும். திருத்தியதை இந்தத் தொழில் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது ஒரு பகுதியில் 2 மதிப்பெண் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்க வேண்டாம், எந்த வரியை வைத்து அவர் போட்டார் என்று கேளுங்கள்.