கல்விக் கடனுக்குப் போனஃபைடு: ஆபீஸில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: என் மகள் இந்த வருஷம் கவுன்சிலிங்கில் திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள், முதல் பட்டதாரி. உசிலம்பட்டியில் எங்கள் வங்கியில் கல்விக் கடன் கேட்டோம். கல்லூரி ஆபீஸில் வாங்கின போனஃபைடைக் கொடுத்தால், "இது போதாது, கட்டண விவரத்தோட வாங்கிட்டு வாங்க" என்று மேனேஜர் திருப்பி விட்டார். ஆபீஸிலோ, "எல்லாருக்கும் இதுதான் கொடுக்கிறோம்" என்கிறார்கள். என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: ஐயா, உங்கள் கையில் இருப்பது பஸ் பாஸுக்குப் போதுமான சான்று. "இன்னார் இந்தக் கல்லூரியில் இந்த வகுப்பில் படிக்கிறார்" என்பதோடு அது முடிந்துவிடும். கடன் கொடுக்கிற வங்கிக்கு அதற்கு மேல் மூன்று விஷயம் தெரிய வேண்டும். படிப்பு முடிய எத்தனை வருஷம், வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு செலவு, அந்தப் பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்புவது. கல்விக் கடனில் கட்டணத் தொகை பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது, நேரே கல்லூரிக் கணக்குக்குப் போகும். அதனால் மேனேஜர் கேட்டது நியாயம்தான். ஆபீஸிலும் தவறு சொல்ல முடியாது. வெறுமனே "போனஃபைடு வேணும்" என்று கேட்டால் வழக்கமான ஒருவரிச் சான்றுதான் கிடைக்கும். "கல்விக் கடனுக்கு, நாலு வருஷக் கட்டண விவரத்தோடு போனஃபைடு" என்று எழுத்தில் கேளுங்கள்.

போவதற்கு முன் வங்கியில் ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் இதற்கென்று தாங்களே ஒரு படிவம் வைத்திருக்கின்றன. இருந்தால் அதை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், ஆபீஸில் வாக்குவாதமே வராது. இல்லையென்றால் கல்லூரியின் லெட்டர்பேடில் வாங்கினால் போதும். சான்று யார் பெயருக்கு இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். "கிளை மேலாளர்" என்று போட்டு, வங்கியின் பெயரும் உசிலம்பட்டி கிளை என்பதும் இருப்பது நல்லது.

விண்ணப்பத்தை உங்கள் மகள்தான் எழுத வேண்டும். கிளாஸ் அட்வைசர், துறைத் தலைவர் என்று இரண்டு கையெழுத்து வாங்கி, அதன் பிறகு ஆபீஸில் கொடுப்பதுதான் பெரும்பாலான கல்லூரிகளில் நடைமுறை. நீங்கள் நேரே கவுன்டரில் போய் நின்றால் அந்தக் கையெழுத்துகளுக்காக மகளைத் திரும்ப அலைய விடுவார்கள். விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

பெறுநர்: முதல்வர் அவர்கள்.
பொருள்: கல்விக் கடனுக்காகக் கட்டண விவரத்துடன் போனஃபைடு சான்று வேண்டுதல்.
ஐயா, நான் நம் கல்லூரியில் பி.இ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். கவுன்சிலிங் மூலம் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். விடுதியில் தங்கியுள்ளேன். உசிலம்பட்டியில் உள்ள வங்கிக் கிளையில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க, நான்கு ஆண்டுகளுக்கான கல்லூரி, விடுதிக் கட்டணங்களை ஆண்டுவாரியாகவும் தலைப்புவாரியாகவும் குறிப்பிட்டு, கட்டணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு விவரத்துடன் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணையின் நகல், சேர்க்கையின்போது கட்டிய ரசீது, பழைய ஒருவரிப் போனஃபைடு மூன்றையும் இணைத்துவிடுங்கள். பழையதைப் பார்த்தால் எது விடுபட்டிருக்கிறது என்று கிளார்க்குக்கு உடனே புரியும்.

இனி முக்கியமான இடம், கட்டண அட்டவணை. வங்கி ஒதுக்கும் கடன் தொகை இந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும், உங்கள் கல்லூரியில் வேறாக இருக்கும்.

டியூஷன் கட்டணம் 55,000 ரூபாய், அதில் முதல் பட்டதாரி சலுகை 25,000 போக 30,000. இதர கட்டணம் 8,000. தேர்வுக் கட்டணம் 3,000. ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 55,000. ஆக ஒரு வருஷத்துக்கு 96,000. முதல் வருஷம் மட்டும் சேர்க்கைக் கட்டணம் 3,000, திரும்பக் கிடைக்கிற காஷன் டெபாசிட் 10,000 கூடுதலாக வரும். அப்படியானால் முதல் வருஷம் 1,09,000, மற்ற மூன்று வருஷமும் 96,000 வீதம் 2,88,000. மொத்தம் 3,97,000.

அவசரத்தில் ஆபீஸில் செய்கிற தவறு, முதல் வருஷத் தொகையை அப்படியே நாலால் பெருக்கிவிடுவது. 1,09,000 நாலு தடவை என்றால் 4,36,000. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை மார்ஜின் கிடையாது. அதைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் கைப்பணம் காட்ட வேண்டும். 4,36,000-க்கு அது 21,800. ஒரே ஒரு தடவை கட்டுகிற டெபாசிட்டை நாலு தடவை எழுதியதால் வருகிற தொல்லை இது. அதனால் வருஷத்துக்கு ஒரு வரிசையாக, நாலு வரிசை தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் வலிக்கும். ஹாஸ்டல் கட்டணம் விட்டுப்போவது. மேலே போட்ட கணக்கில் ஹாஸ்டலை எடுத்துவிட்டால் மொத்தம் 1,77,000-தான். வங்கி அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்ட பிறகு, மீதி 2,20,000-க்காகத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இது ஆபீஸ்காரர்களின் கவனக்குறைவு என்று எப்போதும் சொல்ல முடியாது. பல தனியார் கல்லூரிகளில் ஹாஸ்டல் வரவு செலவு தனி, வங்கிக் கணக்கும் தனி. "ஹாஸ்டல் எங்க கையில இல்ல" என்றால், வார்டனிடம் ஹாஸ்டல் லெட்டர்பேடில் தனியாக ஒரு கட்டண மதிப்பீடு வாங்குங்கள். அதிலும் நாலு வருஷத் தொகையும் ஹாஸ்டலின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இருக்க வேண்டும். வங்கி இரண்டு தாளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

"அடுத்த வருஷக் கட்டணம் இப்பவே எப்படி எழுதித் தர முடியும்?" என்று சில அலுவலகங்களில் கேட்பார்கள். அவர்கள் பயமும் புரிகிறது, கையெழுத்துப் போட்ட தொகை பின்னால் மாறினால் கேள்வி வரும். "இப்போதைய கட்டண விகிதப்படி, மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் அது போதும், முதல்வரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.

முதல் பட்டதாரி சலுகையைக் கழித்த தொகைதான் அட்டவணையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 55,000 என்றே எழுதிவிட்டால், ஒதுக்கீட்டு ஆணையைப் பார்க்கிற மேனேஜர் இரண்டும் பொருந்தவில்லை என்று நிறுத்திவைப்பார். ஏற்கெனவே நீங்கள் கட்டிய பணம் இருந்தால் அது தனியாக "செலுத்தியது" என்று ரசீது எண்ணோடு வரட்டும். கட்டிய தொகையைத் திருப்பித் தருவதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. அந்த ரசீது இல்லாமல் கேட்கவே முடியாது.

சான்றில் இன்னும் சில வரிகள் வேண்டும். படிப்பின் முழுப் பெயர், சுருக்கெழுத்து இல்லாமல். சேர்ந்த கல்வியாண்டு, முடியும் ஆண்டு. அரசு ஒதுக்கீடா நிர்வாக ஒதுக்கீடா என்பது. கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பலம். பல்கலைக்கழக இணைப்பும் ஏஐசிடிஇ அங்கீகாரமும். நாக் அல்லது என்பிஏ தரச்சான்று இருந்தால் அதையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருஷத்திலும் ஏறும் வட்டியை மத்திய அரசு ஏற்கிற திட்டத்தில் இந்தத் தரச்சான்றைப் பார்க்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊரில் அடிக்கடி சிக்கல் வருகிறது, காரணம் இன்ஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயரே முழுசாக விரிந்திருக்கும். கல்லூரியோ சேர்க்கைப் படிவத்தில் இருப்பதைப் போடும். போனஃபைடில் மதிப்பெண் சான்றில் உள்ளபடியே பெயரும், கீழே தந்தை பெயர் முழுசாகவும் இருந்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கவுன்டரை விட்டு நகருவதற்கு முன்பே திருத்தி வாங்குங்கள். பேனாவால் அடித்துத் திருத்தியதை வங்கியில் வாங்க மாட்டார்கள், புதிதாகவே அச்செடுக்க வேண்டும்.

கையெழுத்து முதல்வருடையதாக இருக்கட்டும், துறைத் தலைவர் போட்டது போதாது. வட்ட முத்திரை, சான்று எண், தேதி, கல்லூரியின் தொலைபேசி எண் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். மேனேஜர் கல்லூரிக்குப் போன் போட்டு அந்தச் சான்று எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். எண் இல்லாத சான்றை ஆபீஸ் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். அசல் இரண்டு வாங்கி, ஒன்றை வங்கியில் கொடுத்து மற்றதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவேற்றவும் ஒரு ஸ்கேன் தேவைப்படும். முத்திரை மங்கலாக இருந்தால் ஸ்கேனில் விழாது, அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் வாங்கவும் இந்தக் கடனில் இடம் உண்டு. கல்லூரி அதன் விலையை எழுதாது. "இந்தப் படிப்புக்குக் கணினி தேவை" என்று ஒரு வரி போதும், விலைக்குக் கடையில் கொட்டேஷன் வாங்கி வையுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்து 4 லட்சம் தாண்டுகிறதா என்று மேலே சொன்ன கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டில் மிச்சம் இருந்தது 3,000 ரூபாய்தான்.

கடன் ஒப்புதலாகிவிட்டாலும் மொத்தப் பணமும் ஒரே தடவையில் போகாது, வருஷாவருஷமோ செமஸ்டர்வாரியாகவோதான் விடுவார்கள். அடுத்த வருஷம் மதிப்பெண் பட்டியலோடு புதிய கட்டணக் கேட்புச் சீட்டும், சில கிளைகளில் புதிய போனஃபைடும் கேட்பார்கள். இப்போது வாங்குகிற சான்றை மகளிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். அடுத்த ஜூனில் அதையே விண்ணப்பத்தோடு இணைத்து, "இதே வடிவத்தில்" என்று எழுதினால் போதும்.