13-க்கு 11 அடி அறைக்கு எத்தனை டைல்ஸ் வாங்குவது?

“அறை 13-க்கு 11 அடி. 2-க்கு 2 டைல்ஸ் போடுகிறோம். கடையில் 36 போதும் என்கிறார்கள், மேஸ்திரி 44 கேட்கிறார். எது சரி?”

மேஸ்திரியின் கணக்கே சரி. தரைக்கு 42 தேவை. பெட்டிக்கு 4 என்றால் 11 பெட்டி வாங்குங்கள், இரண்டு கையிருப்பாக நிற்கும்.

கடைக்காரர் 143 சதுர அடியை 4-ஆல் வகுத்திருப்பார். ஆனால் வெட்டிய துண்டு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதால், பரப்பளவை விட்டுவிட்டு வரிசைகளை எண்ண வேண்டும். 2-க்கு 2 என்று விற்கும் டைல்ஸ் உண்மையில் 600 மி.மீ. தான். 13 அடி 3962 மி.மீ.; ஆறு முழு டைல்ஸ் போக 362 மி.மீ. மிஞ்சும். ஏழாவது டைல்ஸை வெட்டினால் கிடைக்கும் 238 மி.மீ. துண்டு இன்னொரு ஓரத்துக்குப் போதாது. 11 அடிப் பக்கமும் இப்படியே ஐந்து முழு டைல்ஸும் ஒரு துண்டும் ஆகிறது. ஆக 7 × 6 = 42.

அந்தத் துண்டுகள் வீணல்ல. ஒவ்வொன்றிலும் சுவரின் அடியில் ஒட்டும் 4 அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை இரண்டு கிடைப்பதால், ஒரு வாசல் உள்ள அறைக்குத் தனியாக டைல்ஸ் வேண்டியிருக்காது. மேல் விளிம்பை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள்.

வாங்குமுன், பூச்சு முடிந்த சுவர்களுக்கு இடையே மூன்று இடங்களில் அளந்து பெரிய அளவை எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணும் ஷேடும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாங்கினால் நிறம் மாறலாம்.

இது நேராகப் பதிப்பதற்கான கணக்கு. மூலைவாட்டில் பதித்தால் பரப்பளவோடு 15 சதவீதமாவது கூட்ட வேண்டும்.