முதலாளி இல்லாத ஒரு நாள்

"தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை. ரெண்டு பசங்க வேலைக்கு இருக்காங்க. ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னாலும் கடையை மூட வேண்டியிருக்கு. ஒரு நாள் கல்லாவை அவங்ககிட்ட விட என்ன ஏற்பாடு பண்ணணும்?"

நான் காசிமேடு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். செக்லிஸ்டை நீங்களே யோசித்து எழுத வேண்டாம். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டைப் போட்டு, ஒரு வாரம் பசங்க "அண்ணே" என்று வந்து கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே குறித்துக்கொண்டே வாருங்கள். இவங்களுக்குக் கடன் தரலாமா, பிஸ்கட் ஏஜென்சி ஆள் வந்திருக்கார் பணம் கொடுக்கட்டுமா, சில்லறை தீர்ந்துடுச்சு எங்கே வாங்க, இப்படித்தான் வரும். கடை திறக்கவும் மூட்டையை எடுத்து வைக்கவும் அவர்களுக்கே தெரியும், அதையெல்லாம் எழுதி ஒட்டினால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு மட்டும் தொகை போட்டுப் பதில் எழுதுங்கள்.

கடனுக்கு, பெயரும் உச்ச வரம்பும் போட்ட ஒரே தாள் போதும். பட்டியலில் இல்லாதவருக்கு "அண்ணன் நாளைக்கு வந்துடுவார்" என்பதுதான் பதில். எங்கள் பக்கம் படகு வேலைக்குப் போகிற வீடுகள் அதிகம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது கடன் ஏறும் என்பதால் அதற்கு முன்பே வரம்பைத் திருத்தி எழுதிவிடுவேன். சரக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். நீங்கள் இல்லாத நாளில்தான் சேல்ஸ்மேன் "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்று ரெண்டு பெட்டி கூடுதலாக இறக்குவார். முந்தின நாளே எழுதி வைத்த சரக்கு மட்டும்தான் உள்ளே வரும், பில்லும் அதே தொகையாக இருந்தால்தான் பணம்.

அப்புறம் போன். நிறைய கடைகளில் க்யூஆர் முதலாளியின் சொந்த போனோடு இருக்கும், அவர் வெளியூர் போனால் போனும் போய்விடும். சவுண்ட்பாக்ஸ் நெட் இல்லாமல் பேசாமல் நின்றால் பணம் வந்ததா என்று பையனால் பார்க்க முடியாது, வாடிக்கையாளர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டியதுதான். அதை நம்பவே கூடாது. கடைக்கென்று தனி போன், அதில் வரவு மட்டும் பார்க்கிற மாதிரி லாகின், இதை முதலில் செய்துவிடுங்கள்.

இரவு கணக்கை எங்கள் கடையின் ஒரு நாளை வைத்தே சொல்கிறேன். காலையில் கல்லாவில் சில்லறையாக 2,000 வைத்தது. பில் மெஷினில் மொத்த விற்பனை 21,640, அதில் ஜிபே 8,770, கடன் 1,150. மீதி 11,720 ரொக்கமாக வந்திருக்க வேண்டும். பழைய கடன் ரொக்கமாக வசூலானது 600. ஏஜென்சிக்குக் கொடுத்தது, சுமை கூலி எல்லாம் சேர்த்து வெளியே போனது 2,400, ஒவ்வொன்றுக்கும் துண்டுச் சீட்டு இருந்தது. அப்படியென்றால் கல்லாவில் 11,920 இருக்க வேண்டும், எண்ணினால் 11,770. நூற்றைம்பது குறைகிறது. உடனே பையனைச் சந்தேகப்படாமல் ஆப்பைத் திறந்து பாருங்கள், அங்கே அன்றைய வரவு 8,920, அதாவது சரியாக 150 அதிகம். யாரோ ஜிபே போட்டதை ரொக்கம் என்று அழுத்தியிருக்கிறான், இல்லையென்றால் "ஜிபே போடுறேன், காசா கொடுங்க" என்று கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறான். ஆப்பிலும் கூடவில்லை என்றால் கடன் நோட்டையும் சீட்டுகளையும் பாருங்கள், பெரும்பாலும் எழுதாமல் விட்ட ஒரு வரி அங்கே இருக்கும். பில் மெஷின் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு வராது, அதற்குப் பதிலாக எண்ணெய் பாக்கெட், நெய், சிகரெட் மாதிரி விலை கூடிய பத்து சாமானைக் காலையிலும் இரவிலும் எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் கூடுதலாக வருகிற நாளில் அதைச் சொல்லாமல் எடுத்து வைத்து, குறைகிற நாளில் சரிக்கட்டுவார்கள், உங்களுக்கு உண்மைக் கணக்கே தெரியாமல் போகும். கை கணக்கில் தினமும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாமல் வந்தால்தான் நான் சீட்டுகளைக் கூர்ந்து பார்ப்பேன். கூடினாலும் குறைந்தாலும் அப்படியே எழுது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கல்லாவில் 5,000 சேர்ந்ததும் பூட்டிய பெட்டியின் துவாரம் வழியாக உள்ளே போட வேண்டும், சாவி உங்களிடம். போன் பண்ண மதியம் ஒரு நேரம், இரவு கணக்கு முடிந்ததும் ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மாதத்தின் முதல் வாரத்தில் வேண்டாம், அப்போதுதான் வீட்டு மளிகை லிஸ்ட் வரும். இருபதாம் தேதிக்கு மேல் ஒரு செவ்வாய் அல்லது புதன் பார்த்து, பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு கடைப் பக்கம் போகாமல் ஒரு நாள் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கு எதற்கெல்லாம் போன் வந்ததோ, அதையெல்லாம் தாளில் சேர்த்துவிட்டு அடுத்த மாதம் கல்யாணத்துக்குக் கிளம்பலாம்.